கலை வரலாறு முதுகலைப் படிப்புக்கான நோக்க அறிக்கை

சென்ற ஆண்டு ஓர் அச்சுக்கலைப் பட்டறையில், உள்ளங்கை அளவுச் செப்புத்தகட்டில் ஊசியால் ஒரு மரத்தைக் கீறினேன். டிரைபாயிண்ட் என்னும் முறை அது. ஊசி போன வழியெல்லாம் செம்பு பிசிறாக எழும்பி நிற்கும். அந்தப் பிசிறில் மை தங்குவதால்தான் கோடு மெத்தென்று கருத்துத் தெரிகிறது. முதல் படியில் கருகருவென்றிருந்த அடிமரம் பன்னிரண்டாவது படியில் வெளிறிப் போயிருந்தது. ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் அழுத்து உருளை பிசிறை நசுக்கியிருக்கிறது. ஒரே தகடு, ஆனால் இரண்டு படிகள் ஒன்றுபோல் இல்லை.

பட்டறைக்கு என்னை அனுப்பியது ரெம்பிராண்ட் 1653இல் செய்த ‘மூன்று சிலுவைகள்’ என்னும் டிரைபாயிண்ட் அச்சு. இளங்கலையில் நான் படித்தது வரலாறு. அப்புறம் இரண்டு ஆண்டுகள் ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்து பட்டியலிட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் ‘நிலை’ என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். தகட்டில் கோடு மாறினால் நிலை மாறும், அவ்வளவுதான் விதி. அந்த விதியைப் புரிந்துகொள்ளத்தான் அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் ‘மூன்று சிலுவைகள்’ படிகளைப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். நான்காம் நிலையில் கூட்டத்தில் பலரைச் சுரண்டி எடுத்துவிட்டு, உயரமான தொப்பி வைத்த குதிரைவீரன் ஒருவனைக் கொண்டுவந்திருக்கிறார். பிசானெல்லோ செய்த பதக்கம் ஒன்றில் இருப்பவன் அவன். பகல் வெளிச்சம் போய் இருள் இறங்கிவிடுகிறது. இதை விதி சரியாகவே பிடித்துவிடுகிறது.

முதல் நிலையில்தான் சிக்கல். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தோல்தாளில் அச்சிட்ட படி ஒன்று இருக்கிறது. வலது ஓரப் புதர்மீது மையைத் துடைக்காமல் கெட்டியாகவே விட்டிருக்கிறார் ரெம்பிராண்ட். கோடு எதுவும் மாறவில்லை, படம் மாறிவிட்டது. பட்டியலிலோ இந்தப் படிக்கும் மற்ற முதல் நிலைப் படிகளுக்கும் ஒரே எண்.

1751இல் ஜெர்சான், 1797இல் பார்ட்ஷ் என்று தொடரும் ரெம்பிராண்ட் பட்டியல்கள் இந்தத் துறைக்கே முதுகெலும்பு. அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. மை துடைத்த விதமும் தாள் வகையும் கலைஞரின் முடிவுகள் என்றால், அவற்றை எப்படிப் பதிவு செய்வது, அந்தப் பதிவு ‘மூலம்’, ‘பிரதி’ என்ற நம் பிரிவினையை எங்கே அசைக்கிறது என்பதே என் ஆய்வுக் கேள்வி. டிரைபாயிண்ட் அச்சுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வரம்பு சிறிதாக இருந்தால்தான் ஒவ்வொரு படியையும் நின்று பார்க்க முடியும்.

திரையில் பார்த்தே எட்டிய முடிவுகள் இவை. அதன் போதாமை எனக்குத் தெரியும். பிசிறின் தடம் தாளைச் சாய்ந்த ஒளியில் பிடித்துப் பார்த்தால்தான் புலப்படும். தாள் ஆய்வுப் பாடமும், மாணவர்கள் அசல் அச்சுகளைக் கையாளும் அறையும் தங்கள் துறையில் இருப்பதாலேயே இங்கே விண்ணப்பிக்கிறேன். டச்சு மொழியை ஓராண்டாகப் படித்துவருகிறேன். அகராதி பக்கத்தில் இருந்தால் ஒரு பட்டியல் குறிப்பைப் படித்துவிடுவேன். முதல் பருவத்தில் தங்கள் சேகரிப்பில் உள்ள டிரைபாயிண்ட் படிகளை, மை துடைத்த விதத்தையும் தாளையும் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பட்டியலிட விரும்புகிறேன்.