நகரக் குடிநீர் வலையமைப்பில் வருவாய் தராத நீரைக் குறைப்பதற்கான முன்மொழிவு

பெறுநர்: நகர மன்றம்
அனுப்புநர்: பொறியாளர், குடிநீர் வழங்கல் பிரிவு

நாள்தோறும் 9,600 கன மீட்டர் நீரைச் சுத்திகரித்து ஊருக்கு அனுப்புகிறோம். கட்டணப் பட்டியலில் ஏறுவது 5,760 மட்டுமே. மீதி 3,840 கன மீட்டர், அதாவது 40 விழுக்காடு, வருவாய் தருவதில்லை. புதிய நீராதாரத் திட்டத்தை மன்றம் பரிசீலித்து வரும் இவ்வேளையில், அதற்கு முன் இந்த இழப்பைக் குறைக்க மூன்று ஆண்டு கேட்கிறேன். கசிவை அடைக்காவிட்டால் புதிதாக வரும் நீரிலும் பெரும்பங்கு மண்ணுக்குள்தான் போகும்.

இழப்பு எங்கே இருக்கிறது

எங்கள் மதிப்பீட்டின்படி தெருக் குழாய், தீயணைப்பு, குழாய் கழுவுதல் ஆகியவற்றுக்கு 300 கன மீட்டர் செலவாகிறது. மீட்டர் குறைவாகக் காட்டுவதாலும் கள்ள இணைப்புகளாலும் 640 போகிறது. மற்ற 2,900 கன மீட்டரும் கசிவு. 14,000 இணைப்புகளுக்குப் பகிர்ந்தால், ஓர் இணைப்புக்கு நாளொன்றுக்கு சுமார் 207 லிட்டர். ஊரின் நுகர்வு கூடினாலோ குறைந்தாலோ விழுக்காடு தானாகவே மாறிவிடும். ஆகவே எங்கள் வேலையை இந்த லிட்டர் கணக்கில் மதிப்பிடுங்கள்.

தாழ்வான பகுதியில் 1,150 இணைப்புகளை வால்வு அடைத்துத் தனிமைப்படுத்தி ஒரு சோதனை செய்தோம். ஊர் உறங்கும் இரவு 2 மணி முதல் 4 மணி வரை, மணிக்கு 31 கன மீட்டர் நீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்நேர நியாயமான பயன்பாடு 4 கன மீட்டருக்கு மேல் இராது. வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனபோது, ஒரே தெருவை அடைத்ததும் ஓட்டம் 9 கன மீட்டர் இறங்கியது. அந்தத் தெருவில் ஈரமே இல்லை. வீட்டு இணைப்பின் வால்வில் கேட்புக் கம்பியை வைத்தால் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. தோண்டிப் பார்த்தோம். உடைந்த இணைப்பிலிருந்து வந்த நீர் பக்கத்து மழைநீர் வடிகாலில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக ஓடியதோ, புகார் ஒன்றும் வரவில்லை.

இதுதான் என் கவலை. பிரதான குழாய் வெடித்தால் தெருவே கூடிவிடும். மணிக்கு 30 கன மீட்டர் பீறிட்டாலும் ஒரு நாளில் சரிசெய்துவிடுகிறோம், இழப்பு 720 கன மீட்டர். மணிக்கு 1.5 கன மீட்டர் வீதம் மறைவாகக் கசியும் வீட்டு இணைப்போ இரண்டு மாதத்தில் 2,160 கன மீட்டரை விழுங்கிவிடும்.

கசிவு கண்டறிதல்

வலையமைப்பை 11 அளவீட்டு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவிலும் மொத்த ஓட்ட மீட்டர் பொருத்துவோம். இரவு ஓட்டம் உயரும் மண்டலத்துக்கே குழு முதலில் செல்லும். குழாயின் இரு இடங்களில் கேட்கும் கசிவு ஒலியை ஒப்பிட்டுக் கசிவின் இடத்தைக் காட்டும் ஒலி ஒப்பீட்டுக் கருவி இரும்புக் குழாய்களில் நன்றாக உதவும். பிளாஸ்டிக் குழாயில் ஒலி வெகுதூரம் போகாது. அங்கே நெருக்கமாகக் கேட்டு நடப்பதும், வால்வை அடைத்துச் சோதிப்பதும்தான் வழி. கண்டுபிடித்த கசிவைப் பிரதான குழாயில் 24 மணி நேரத்திலும் வீட்டு இணைப்பில் மூன்று நாளிலும் சரிசெய்ய வேண்டும்.

அழுத்த மேலாண்மை

தோண்டுவதற்கு முன்பே பலன் தருவது இதுதான். 3 மில்லி மீட்டர் துளையில், 30 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தத்தில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் வெளியேறும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் அது சுமார் 6,300 லிட்டராகும். அழுத்தம் கூடும்போது விரிசலே அகலும் பிளாஸ்டிக் குழாயில் குறைவு இன்னும் அதிகம். சோதனைப் பகுதியில் பகலில் 28 மீட்டராக இருக்கும் அழுத்தம் இரவில் 52 மீட்டருக்கு ஏறுகிறது. அழுத்தக் குறைப்பு வால்வு பொருத்தி, மண்டலத்தின் மேட்டில் உள்ள கடைசி வீட்டில் 15 மீட்டருக்குக் குறையாதபடி இரவில் இறக்கி வைப்போம். புதிய குழாய் வெடிப்புகளும் இதனால் குறையும்.

நேரம் வைத்து நீர் விட்டால் கசிவு குறையுமே என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து அந்த வழி வேண்டாம். காலியான குழாயில் வெற்றிடம் உண்டாகி, கசிவுத் துளை வழியாகவே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். திரும்ப நிரம்பும்போது காற்று மீட்டரைச் சுழற்றும், அதிர்ச்சியில் குழாய் மூட்டுகள் விட்டுப்போகும்.

மீட்டர்

கழற்றிச் சோதித்த 40 பழைய மீட்டர்களில் 13 மெல்லிய ஓட்டத்தைப் பதிவு செய்யவே இல்லை. மிதவை வால்வு உள்ள மாடித் தொட்டியில் நீர் துளித்துளியாக நிரம்பும்போது முள் அசைவதில்லை. பெரும் நுகர்வோரின் மீட்டர்களை முதலாண்டிலும், பத்தாண்டு கடந்த வீட்டு மீட்டர்களை அடுத்த இரண்டாண்டுகளிலும் மாற்றுவோம்.

இலக்கும் வேண்டுகோளும்

மூன்றாம் ஆண்டு முடிவில் கசிவு 1,500 கன மீட்டருக்கும், மீட்டர், கள்ள இணைப்பு இழப்பு 300-க்கும் இறங்க வேண்டும். அதாவது இணைப்புக்கு 107 லிட்டர் கசிவு. நாளொன்றுக்கு 1,400 கன மீட்டர் நீரைக் குறைவாக இறைத்தாலே போதும்.

மன்றத்திடம் கேட்பவை: முதல் நான்கு மண்டலங்களுக்கு ஒப்புதல், ஆறு பேர் கொண்ட நிரந்தர இரவுக் குழு, அவசரமாகச் சாலை தோண்ட முன் அனுமதி. விலை விவரம் தனி இணைப்பில் உள்ளது. ஒவ்வொரு மண்டலத்தின் இரவு ஓட்டத்தையும் மாதந்தோறும் மன்றத்தின் முன் வைப்பேன்.