ஞாயிற்றுக்கிழமை தொட்டி சுத்தம்: டிக் அடிக்கும் பட்டியல்

செக்ரட்டரி சார், வணக்கம். நேற்று இரவு குழுவில் நீங்கள் போட்ட தகவலைப் படித்ததும் மூன்று வீட்டிலிருந்து எனக்குத் தனித்தனியாகக் கேள்வி வந்தது. "எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும்?" என்று ஒருவர். "கீஸரை யார் அணைப்பது?" என்று இன்னொருவர். எல்லாமே உங்கள் பத்தியில் இருக்கிறது, ஆனால் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் வரிக்கு ஒரு வேலை என்று பிரித்து, பக்கத்தில் கட்டம் போட்டுக் கீழே தந்திருக்கிறேன். சரி என்றால் பிரிண்ட் எடுத்து மோட்டார் ரூம் கதவில் ஒட்டிவிடலாம்.

நீங்கள் எழுதியது, ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக:

"அனைவருக்கும் வணக்கம். மழைக்காலம் வருவதால் வரும் ஞாயிறு (அக்டோபர் 4) மேல் தொட்டியும் சம்ப்பும் சுத்தம் செய்யப்படும், காலை 9 மணிக்கு ஆட்கள் வருவார்கள், அதற்குள் எல்லோரும் தேவையான தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளவும், மேல் தொட்டியை முதலில் கழுவிவிட்டுப் பிறகு சம்ப்பில் இறங்குவார்கள், வாட்ச்மேனும் கூட இறங்கி உதவட்டும், இறங்கும் முன் அகல் விளக்கு ஏற்றி உள்ளே விட்டுப் பார்க்கவும், பாசி போகவில்லை என்றால் கொஞ்சம் ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொல்லவும், கழுவி முடித்ததும் கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் போடவும், லாரி மதியம் வரும், மோட்டார் ஆட்டோவில் இருப்பதால் ஆஃப் செய்ய மறக்க வேண்டாம், கீஸர் ஆர்ஓ எல்லாம் அணைத்து வைக்கவும், குழந்தைகளைச் சம்ப் பக்கம் விட வேண்டாம், மாலை தண்ணீர் வந்துவிடும், ஒத்துழைப்புக்கு நன்றி."

பட்டியலாக்கும்போது சில இடங்களில் கை வைத்திருக்கிறேன் சார். எதை, ஏன் மாற்றினேன் என்று சொல்லிவிடுகிறேன், பிடிக்காததை நீங்கள் அடித்துவிடலாம்.

முதலில் மோட்டார். பத்தியில் ஆட்கள் இறங்குவது நடுவிலேயே வந்துவிடுகிறது, மோட்டாரை அணைப்பது கிட்டத்தட்ட கடைசியில் வருகிறது. படித்துக்கொண்டே வேலை செய்பவர் அந்த வரிசையில்தான் செய்வார். நம் மோட்டார் சென்சாரில் ஓடுவது. மேலே தண்ணீர் குறைந்தால் யாரையும் கேட்காமல் தானே கிளம்பிவிடும். உள்ளே ஆள் நிற்கும்போது அது கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அது மேலே போய்விட்டது. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, ஃபியூஸ் கட்டையே கழற்றப்பட வேண்டும். கட்டை உங்கள் பையில் இருக்கட்டும்.

அடுத்து, மேல் தொட்டி முதலில் என்பதைத் திருப்பிவிட்டேன். மேலே பளபளவென்று கழுவி வைத்துவிட்டு, கழுவாத சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றினால் அந்தச் சேறு அங்கேதான் போய்ச் சேரும். சம்ப்பை முதலில் எடுத்தால் இன்னொரு லாபமும் உண்டு. மேல் தொட்டியில் மிச்சம் இருக்கும் தண்ணீரையே ஓஸில் விட்டுச் சம்ப்பை அலசிவிடலாம்.

அகல் விளக்கு. நம் பெரியவர்கள் கிணற்றில் இறங்கும்போது செய்தது, தெரியும். விளக்கு அணையாமல் எரிந்தால் உள்ளே ஓரளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். கார்பன் மோனாக்சைடோ ஹைட்ரஜன் சல்ஃபைடோ இருந்தால் விளக்கு காட்டிக்கொடுக்காது. எரியக்கூடிய வாயு தேங்கியிருந்தால் விளக்கே வினையாகிவிடும். அதை எடுத்துவிட்டு, காலையிலேயே மூடி திறப்பது, ப்ளோயர் ஓடவிடுவது என்று போட்டிருக்கிறேன். ப்ளோயரும் கயிறும் இடுப்புப் பட்டையும் கொண்டுவரும்படி சுத்தம் செய்யும் ஆட்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள். இல்லை என்று சொன்னால் வேறு ஆட்களைப் பார்ப்போம். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

வாட்ச்மேன் அண்ணன் இறங்க வேண்டாம் சார். இது பேச்சுக்கு இடமில்லாத விஷயம். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றப் போகிறேன் என்று அடுத்தவர் குதிப்பதில்தான் இரண்டாவது உயிர் போகிறது. அண்ணன் வெளியே நின்று கண்காணிக்கட்டும், அதுவே பெரிய வேலை.

ஆசிட் வேண்டவே வேண்டாம். ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குழிக்குள் அது யமன். பாசிக்கு நைலான் பிரஷ்ஷும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

கடைசியாக, "கொஞ்சம்". பத்தியில் இரண்டு இடத்தில் வருகிறது. ஆசிட்டுக்கான கொஞ்சம் போய்விட்டது. ப்ளீச்சிங்குக்கான கொஞ்சத்துக்குக் கணக்குப் போட்டேன். நல்ல பவுடரில் குளோரின் சுமார் 33 சதவீதம். குடிநீருக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 1000 லிட்டருக்கு 2.5 கிராம். நம் சம்ப் 12,000 லிட்டர், ஆக 30 கிராம். சம்ப்பில் போட்டால் அதே தண்ணீர்தான் மேலே ஏறுகிறது, மேல் தொட்டியில் மறுபடி போட வேண்டியதில்லை. சுவரில் பூச மட்டும் தனிக் கரைசல்: 10 லிட்டர் வாளிக்கு 6 கிராம். சம்ப்புக்கு ஒரு வாளி, மேல் தொட்டிக்கு ஒரு வாளி. இரண்டாம் மாடி அக்கா தன் எலக்ட்ரானிக் தராசைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமையே 30, 6, 6 என்று மூன்று பொட்டலமாகக் கட்டி மேலே எழுதி வைத்துவிடுகிறேன். பவுடர் மட்டும் புதுப் பாக்கெட்டாக இருக்கட்டும். மோட்டார் ரூமில் கிடக்கும் பழைய டப்பா போன வருடத்தது, வீரியம் போயிருக்கும்.

இனி பட்டியல். ஒரு வரி முடிந்தால் ஒரு டிக். முந்தைய கட்டம் காலியாக இருந்தால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

எல்லா வீடுகளும் (ஞாயிறு காலை 8 மணிக்குள்)

☐ குடிக்க, சமைக்க ஒரு நாளுக்கான தண்ணீர் பிடித்து வைக்கவும்
☐ கழிவறைக்கு இரண்டு வாளி தனியாக நிரப்பவும்
☐ கீஸர் சுவிட்சை அணைக்கவும்
☐ ஆர்ஓ மெஷினுக்குப் போகும் குழாயை மூடவும்
☐ வாஷிங் மெஷின் குழாயை மூடவும்
☐ எல்லாக் குழாய்களும் மூடியிருக்கின்றனவா என்று பார்க்கவும்
☐ குழந்தைகளிடம் சம்ப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லவும்

வாட்ச்மேன் அண்ணன் (சனி இரவு, ஞாயிறு காலை)

☐ சனி இரவு 9 மணிக்கு போர் மோட்டாரை நிறுத்தவும்
☐ ஞாயிறு காலை 6 மணிக்குச் சம்ப் மோட்டாரை ஓட்டி மேல் தொட்டியை நிரப்பவும்
☐ மேல் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தவும்
☐ ஆட்டோ சுவிட்சை ஆஃபில் வைக்கவும்
☐ செக்ரட்டரி சாரைக் கூப்பிட்டு ஃபியூஸ் கட்டையைக் கழற்றச் சொல்லவும்
☐ சம்ப்பைச் சுற்றிக் கயிறு கட்டவும்
☐ சம்ப்பின் இரண்டு மூடிகளையும் திறக்கவும்
☐ ஆட்கள் வரும்வரை சம்ப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவும்

கடைசி வரியைச் சும்மா போடவில்லை. திறந்த சம்ப்பைக் காக்கக் கயிறு மட்டும் போதாது, கீழ் வீட்டுப் பையனின் பந்து எங்கே உருளும் என்று நமக்கெல்லாம் தெரியும்.

சம்ப் (காலை 9 மணி முதல், மேற்பார்வை: செக்ரட்டரி சார்)

☐ ஃபியூஸ் கட்டை பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவும்
☐ ப்ளோயரைச் சம்ப் வாயில் வைத்து அரை மணி நேரம் ஓடவிடவும்
☐ மிச்சத் தண்ணீரை ஆட்களின் மின்சார பம்ப் மூலம் வெளியேற்றவும்
☐ வரும் தண்ணீரைச் செடிகளுக்குத் திருப்பவும்
☐ பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கவும்
☐ பம்ப்பைச் சம்ப்பிலிருந்து வெளியே எடுக்கவும்
☐ இறங்குபவர் இடுப்புப் பட்டை கட்டியிருக்கிறாரா என்று பார்க்கவும்
☐ கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் கையில் கொடுக்கவும்
☐ பேட்டரி டார்ச்சை மட்டும் உள்ளே அனுப்பவும்
☐ ஒருவரை மட்டும் இறங்க விடவும்
☐ வேலை முடியும்வரை ப்ளோயரை நிறுத்தாமல் வைக்கவும்
☐ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்துப் பதில் வாங்கவும்
☐ சேற்றை வாளியில் அள்ளி மேலே ஏற்றவும்
☐ சுவரையும் தரையையும் நைலான் பிரஷ்ஷால் தேய்க்கவும்
☐ மேல் தொட்டித் தண்ணீரை ஓஸில் விட்டு அலசவும்
☐ 6 கிராம் பொட்டலம் ஒன்றை மக்கில் குழைக்கவும்
☐ குழைத்ததை 10 லிட்டர் வாளியில் கரைக்கவும்
☐ சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விடவும்
☐ மேலே நிற்கும் தெளிந்த நீரைச் சுவர் முழுக்கப் பூசவும்
☐ ஆளை மேலே ஏற்றவும்
☐ 30 நிமிடம் காத்திருக்கவும்
☐ வெளியிலிருந்தே ஓஸ் பிடித்து அலசவும்
☐ அலசிய தண்ணீரை பம்ப் வைத்துச் சாக்கடையில் விடவும் (செடிக்கு வேண்டாம்)

பெட்ரோலில் ஓடும் பம்ப் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள் சார். அதன் புகை நேராகக் குழிக்குள் இறங்கும்.

பதில் வராவிட்டால்

☐ யாரும் உள்ளே இறங்க வேண்டாம்
☐ கயிற்றால் மேலே இழுக்கவும்
☐ 108க்கு அழைக்கவும்
☐ தீயணைப்புத் துறைக்கு 101இல் அழைக்கவும்

இந்த நாலு வரி மட்டும் தனித் தாளில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். இதில் ஒருவர் இழுக்கும்போதே இன்னொருவர் போன் செய்ய வேண்டும், வரிசைக்குக் காத்திருக்கக் கூடாது.

லாரியும் மேல் தொட்டியும் (மதியம், மேற்பார்வை: நான்)

☐ சம்ப்பின் ஒரு மூடியை மூடவும்
☐ 12,000 லிட்டர் லாரித் தண்ணீரை இறக்கவும்
☐ லாரித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் உடனே நிறுத்தவும்
☐ 30 கிராம் பொட்டலத்தை வாளியில் கரைத்துத் தெளிய விடவும்
☐ தெளிந்த நீரைச் சம்ப்பில் பரவலாக ஊற்றவும்
☐ சம்ப்பின் இரண்டாவது மூடியையும் மூடவும்
☐ ஒரு மணி நேரம் விடவும்
☐ அதற்குள் மேல் தொட்டியின் வாஷ் அவுட் வால்வைத் திறந்து காலி செய்யவும்
☐ மேல் தொட்டியிலும் ப்ளோயர் வைக்கவும்
☐ மேல் தொட்டியைத் தேய்க்கவும்
☐ இரண்டாவது 6 கிராம் பொட்டலத்தை அதே முறையில் கரைத்துப் பூசவும்
☐ ஆள் வெளியே வந்துவிட்டாரா என்று கண்ணால் பார்க்கவும்
☐ 30 நிமிடம் காத்திருக்கவும்
☐ ஃபியூஸ் கட்டையைத் திரும்பப் போடவும்
☐ மோட்டாரை 5 நிமிடம் ஓட்டித் தொட்டியை அலசவும்
☐ அலசிய தண்ணீர் வெளியேறியதும் வாஷ் அவுட் வால்வை மூடவும்
☐ மேல் தொட்டியை நிரப்பவும்
☐ ஓவர்ஃப்ளோ குழாயில் கொசுவலை கட்டவும்
☐ மேல் தொட்டி மூடியை இறுக்கமாக மூடவும்
☐ ஆட்டோ சுவிட்சை ஆனில் வைக்கவும்

எல்லா வீடுகளும் (குழுவில் "தண்ணீர் வந்தது" என்று போட்ட பிறகு)

☐ பாத்ரூம் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிடவும்
☐ வரும் முதல் தண்ணீரைக் கழிவறைக்குப் பயன்படுத்தவும்
☐ வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்க்கவும்
☐ அதன் பிறகே கீஸர் சுவிட்சைப் போடவும்
☐ ஆர்ஓ குழாயைத் திறக்கவும்
☐ வாஷிங் மெஷின் குழாயைத் திறக்கவும்
☐ தண்ணீரில் மண்ணோ கடுமையான வாடையோ இருந்தால் குழுவில் வீட்டு எண்ணோடு போடவும்