சல்லடம் தைத்துக் கொடுத்த பாய்க்கு

வணக்கம் பாய்,

சித்திரைத் திருவிழாவில், ராமராயர் மண்டபத்தில் அழகருக்குத் தண்ணீர் பீச்சியபோது எடுத்த படத்தை இந்தக் கடிதத்தோடு என் வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தோல்பையோடு முன்னால் நிற்கிறானே, அவன்தான் என் மகன்.

எதிர்சேவைக்கு மூன்று நாள் இருக்கும்போது அழுதுகொண்டு உங்கள் கடைக்கு வந்தேன். ஒரு மாதத்துக்கு முன்பே துணி வாங்கிக்கொண்ட வேறொரு தையல்காரர், நேரமில்லை என்று வெட்டாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். போன வருஷம் பையன் காய்ச்சலில் கிடந்தபோது, மூன்று வருஷம் கருப்பன் உடுப்புப் போட்டுத் தண்ணீர் பீச்சுவான் என்று வேண்டியிருந்தேன். உங்கள் மிஷினைச் சுற்றி வெட்டிப்போட்ட துணி குவிந்து கிடந்தது. எனக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது. நீங்கள் பையனைக் கூப்பிட்டு நிறுத்தி அளவெடுத்தீர்கள். "எத்தனை வருஷ வேண்டுதல்மா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

எதிர்சேவைக்கு முந்தின நாள் ராத்திரி பத்தரை மணிக்குச் சல்லடம், சட்டை, உருமா, கச்சை எல்லாம் மடித்து என் கையில் கொடுத்தீர்கள். அப்போதும் நீங்கள் சாப்பிட்டிருக்கவில்லை. அவசரத்துக்காகக் கூட இருநூறு ரூபாய் வைத்தேன். "சாமி காரியத்துக்கு ரேட்டை ஏத்தக் கூடாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

அன்றைக்கு அரைகுறையாக நன்றி சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். நேற்று உடுப்பைத் துவைக்கும்போதுதான் நீங்கள் செய்திருந்ததெல்லாம் கண்ணில் பட்டது.

சட்டைக் கழுத்தில் ஜரிகைக்கு உள்பக்கம் மெல்லிய பருத்தித் துணி கொடுத்துத் தைத்திருக்கிறீர்கள். அந்த வெயிலில், நனைந்த வெல்வெட்டோடு, ஆழ்வார்புரம் வரைக்கும் நடந்தும் அவன் கழுத்து அறுக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாள் முழுக்க நனைந்தும் சிவப்புச் சாயம் மஞ்சள் கச்சையில் இறங்கவில்லை. தைப்பதற்கு முன்பே துணியை அலசிக் காயப்போட்டிருப்பீர்கள் என்று என் மாமியார் சொல்கிறார். இருந்த மூன்று நாளில் அதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

அப்புறம், சல்லடத்தின் இடுப்பிலும் சட்டையின் இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு இரண்டு இன்ச் துணி மடித்து விட்டிருக்கிறது. எத்தனை வருஷ வேண்டுதல் என்று நீங்கள் கேட்டது எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. கல்லிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன் பாய். நான் இந்த வருஷம் உடுப்பு கிடைத்தால் போதும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்த நெருக்கடியிலும் அவன் வளர்வதை நினைத்து வெட்டியிருக்கிறீர்கள்.

நீங்கள் புதுமண்டபத்தில் கடை வைத்திருந்தபோது என் அப்பாவும் உங்களிடம்தான் தைத்தார். குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறியதைக்கூட அவர்தான் சொல்லி அனுப்பினார். படத்தைப் பார்த்துவிட்டு, "கை அதே கைதான்" என்றார்.

தூக்குவாளியில் கொஞ்சம் பானகமும் சர்க்கரைப் பொங்கலும் வைத்திருக்கிறேன். வீட்டில் அக்காவுக்கும் கொடுங்கள். அடுத்த வருஷம் பங்குனியிலேயே பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், தையலைப் பிரித்து விடுவதற்கு.

அன்புடன்,
செல்லூர்த் தங்கச்சி