குடும்பத் தலைவர்

2011 பிப்ரவரி 28, திங்கட்கிழமை. இரவு பத்து மணிக்கு எறணாகுளம் பிராட்வேயில் கடைசி ஷட்டரும் இறங்கியது, இறங்கிய கையோடு திண்ணைகளில் பாய்கள் விரிய ஆரம்பித்தன. பகலில் துணிக்கடை வாசல், இரவில் பன்னிரண்டு பேர் படுக்கும் இடம். எங்கே யார் படுப்பார்கள் என்று ஒரு வாரமாக மாலையில் சுற்றிவந்து குறித்து வைத்திருந்தேன், ஆனாலும் அன்றைக்குப் பார்த்தால் பாதிப்பேர் இடம் மாறியிருந்தார்கள்.

பிப்ரவரி 9 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக எழுதிக்கொண்டிருந்தோம். வீடுகள் முடிந்துவிட்டன. வீடில்லாதவர்களுக்கு மட்டும் அந்த ஒரே இரவுதான். வீட்டில் ஒருவர் விட்டுப்போனால் மார்ச் முதல் ஐந்து நாட்களில் மறுபடி போய்ச் சேர்க்கலாம், பிளாட்பாரத்தில் விட்டுப்போனவரை எங்கே போய்த் தேடுவது? அடுத்த கணக்கு பத்து வருஷம் கழித்து. இதை நினைத்து அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்னை இந்தப் பகுதிக்குப் போட்டதே தமிழ் தெரியும் என்பதால்தான். நான் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்கிற இடத்தில் பிறந்தவன். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கக் கொண்டுவந்த வண்ணார் குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. தோபிகானாவில் எங்கள் சித்தப்பா இன்றைக்கும் கிளிப் போடாமல் முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகித்தான் காயப்போடுகிறார். பள்ளியில் பாடம் எடுப்பது மலையாளத்தில், வீட்டில் பேசுவது தமிழ். தாய்மொழி என்ற கேள்விக்குத் தமிழ் என்றுதான் நானும் சொன்னேன்.

என்னோடு இன்னொரு வாத்தியார், ஜோஸ் மாஷ் வந்தார். படிவத்தை மடிக்கவே கூடாது, மிஷின் படிக்க வேண்டியது, அதனால் அட்டையில் வைத்துக் கிளிப் போட்டுக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது சுலபமாக இருந்தது. இங்கே மூன்று பேர் ஒரே தார்ப்பாயில் படுத்திருக்கிறார்கள், மூன்று பேரும் தட்டுக்கடையில் தனித்தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். அப்படியானால் மூன்று குடும்பம், மூன்று தாள், மூன்று குடும்பத் தலைவர்கள். பக்கத்துத் திண்ணையில் விழுப்புரத்துக்காரர்கள் ஏழு பேர், நடைபாதை ஓரத்தில் மூன்று கல் வைத்துச் சோறு பொங்கியிருந்தார்கள், கல் இன்னும் சுட்டது. அது ஒரே குடும்பம். அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பேர் சொன்னார். கடைசிப் பிள்ளைக்கு வந்ததும் போர்வையைக் கொஞ்சம் விலக்கி முகத்தைக் காட்டினார். நான் கேட்கவில்லை. நான் பார்த்து எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

தெருமுனை டீக்கடையில் இன்னும் முந்தின நாள் மேட்ச் பற்றித்தான் பேச்சு, பெங்களூரில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆளுக்கு 338 எடுத்து சமனில் முடிந்த அந்த மேட்ச். அங்கே பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அறுபது இருக்கும். சலவை செய்த வெள்ளைச் சட்டை, காலரில் மட்டும் நூல் பிரிந்திருந்தது. ஒரு வாரமாக அவரை அட்டைப்பெட்டி விரித்து மருந்துக்கடைத் திண்ணையில் படுக்கப் பார்த்திருக்கிறேன்.

“அண்ணாச்சி, பேர் சொல்லுங்க” என்றேன். பேச்சைக் கேட்டதிலேயே நெல்லைப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

“எனக்கு வீடு இருக்கு சாரே” என்றார்.

“சரி அண்ணாச்சி, ஆனா இங்கதானே இருக்கீங்க?”

“நாலு கட்டு ஓட்டு வீடு. முன்னால வேம்பு நிக்கும். அங்க எழுதிருப்பாவ. ரெண்டு தடவ எழுதினா கணக்கு தப்பாயிரும்லா.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, ஒருவரை இரண்டு இடத்தில் எழுதக் கூடாதுதான். ஆனால் 9ஆம் தேதியிலிருந்து 28 வரை ஒரு நாள்கூட அங்கே போகவில்லை என்றால் அவரை அங்கே எழுதக் கூடாது, இங்கேதான் எழுத வேண்டும். விளக்கிச் சொன்னேன். அவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஜோஸ் மாஷ் என் தோளைத் தொட்டு, “விடு மாஷே, வள்ளக்காரர்களைப் பார்க்க வேண்டாமா” என்றார்.

கோஸ்ரீ பாலத்துக்கு நடந்தோம். வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, அந்தப் பக்கம் வானமே மஞ்சளாக இருந்தது. பாலத்துக்கடியில் நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள் ஐந்து. மைசூர்ப் பக்கம் ஹுன்சூரிலிருந்து பரிசலோடு வந்து காயலில் மீன் பிடிக்கிற குடும்பங்கள். காலையில் பாலத்தோரம் அவர்களிடம் மீன் வாங்கியவர்கள் எறணாகுளத்தில் ஏராளம், நானும் வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் எந்த ஊர் என்று கேட்டதில்லை.

கூடாரத்தில் ஒரு பாட்டியும் நாலு குழந்தைகளும் மட்டும். மற்றவர்கள் தண்ணீரில். பாட்டி காயலைக் கையால் காட்டினார், இருட்டில் அங்கங்கே சின்னச் சின்ன டார்ச் வெளிச்சம்.

“இவர்களை எழுதிக்கொண்டு போகலாம், மற்றவர்களின் பேரையும் கிழவியே சொல்லிவிடுவாள்” என்றார் ஜோஸ் மாஷ். எழுதலாம்தான், அதற்குத் தடை இல்லை. ஆனால் பாட்டிக்கு மருமகள்களின் வயசு தெரியவில்லை, ஒரு பரிசலில் யார் போனார்கள் என்பதே அவருக்குக் குழப்பமாக இருந்தது. அதைவிட இன்னொன்று எனக்கு உறைத்தது. ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பாட்டி சாவியையே எடுத்துக் காட்டினார், முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். அப்படியானால் ஹுன்சூரில் என்னைப் போல் ஒரு வாத்தியார் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். இங்கேயும் விட்டால் இவர்கள் எங்குமே இல்லை.

காத்திருந்தோம். கொசு பிடுங்கியது. துடுப்பால் தண்ணீரை அடித்து மீனை வலைப்பக்கம் விரட்டுகிற சத்தம் தப் தப் என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு மணிக்கு மேல் முதல் பரிசல் சுற்றிச் சுற்றிக் கரைக்கு வந்தது. அடியில் தார் பூசிய பெரிய கூடை, அவ்வளவுதான், அதற்குள் புருஷன், பெண்டாட்டி, வலைக் குவியல், பாத்திரத்தில் துள்ளுகிற நாலைந்து கரிமீன், ஈரம் படாமல் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு மேல் மடித்த சேலையில் ஒரு வயசுக் குழந்தை. இது வீடா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேனோ தெரியாது. சோறு வைத்த டிபனும் அதில்தான் இருந்தது.

அந்தப் பெண் பயப்படவே இல்லை. “அண்ணா, போலீசா?” என்று கேட்டாள், இல்லை என்றதும் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து மீனைப் பிரித்தபடியே பதில் சொன்னாள். பாதி கன்னடம், பாதி மலையாளம், மீதியைக் கையால் சொன்னாள். கல்யாணமான பெண்களிடம் மட்டும் கேட்கிற கேள்விகள் உண்டு, எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை இப்போது இருக்கிறது. செதில் ஒட்டிய கையை விரித்து “நால்கு” என்றாள். அப்புறம் ஒரு விரலை மடக்கினாள். “மூரு.” மடக்கிய விரலை உடனே விடவில்லை. நான் இரண்டு எண்ணையும் அதனதன் கட்டத்தில் எழுதினேன், விளக்கைப் பிடித்திருந்த ஜோஸ் மாஷ் ஒன்றும் பேசவில்லை, எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற மனுஷன்.

மூன்றரைக்கு ஏழு பரிசலும் வந்து சேர்ந்தன. இருபத்து மூன்று பேர், ஐந்து அடுப்பு, ஐந்து தாள். பின்னால் வந்த கணக்கில் நாடு முழுக்க வீடில்லாதவர்கள் 17,73,040 என்று போட்டிருந்தார்கள். பத்திரிகையில் அதைப் படித்தபோது கடைசிப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அந்த மடக்கிய விரல்தான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது ஜோஸ் மாஷை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் பிராட்வே வழியாக வந்தேன். வழி அது இல்லை. மருந்துக்கடைத் திண்ணையில் அவர் படுக்கவில்லை, அட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வருவீயன்னு தெரியும்” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. மார்க்கெட்டுக்கு லாரி வர ஆரம்பித்திருந்தது.

“சாரே, நான் வந்து பதினோரு வருசமாச்சு. கடன் வாங்கி ஓட்டல் வச்சேன், போச்சு, ஒருத்தர் முகத்துலயும் முழிக்க முடியாம ராத்திரியோட ராத்திரியா வந்துட்டேன். அங்க வந்து கேட்ருப்பாவல்லா, வீட்ல யார் யாருன்னு. எம்பேரச் சொல்லிருப்பாவளா?”

எனக்குத் தெரிந்த விதிப்படி சொல்லியிருக்கக் கூடாது. இருந்தும், எத்தனையோ வீட்டில் வாசலில் நின்று பார்த்துவிட்டேன், துபாயில் இருக்கிற மகன், ஓடிப்போன தம்பி, எல்லார் பேரையும் முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் “ஆனா இங்க இல்ல” என்பார்கள். அதை அவரிடம் சொன்னேன். நிஜத்தைத்தான் சொன்னேன்.

அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, “எழுதுங்க” என்றார். “முருகையா.”

தனி ஆள், ஆகவே உறவுமுறைக் கட்டத்தில் குடும்பத் தலைவர் என்று எழுத வேண்டும். வாசித்துக் காட்டினேன். “தலைவரா” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறந்த இடம் கீழப்பாவூர், திருநெல்வேலி மாவட்டம். மலையாளத்தில் எழுதுகிறேன் என்றதும் குனிந்து பார்த்தார். “ழ சரியா வருமா?” வரும், மலையாளத்திலும் அந்த எழுத்து உண்டு, எழுதிக் காட்டினேன். விரலை அதன்மேல் வைக்கப் போனவர், தாள் அழுக்காகிவிடும் என்று விரலை இழுத்துக்கொண்டார்.

கடைசிக் கேள்விவரை போனோம். எழுந்திருக்கப் போனேன்.

“பிள்ளைங்களக் கேக்கலியே?”

“அது பொம்பளைங்ககிட்ட மட்டும்தான் அண்ணாச்சி. ஆம்பளைக்குக் கட்டம் இல்ல.”

“ரெண்டு பொம்பளப் பிள்ள” என்றார். “ரெண்டும் இருக்கு.”

தாளைப் பைக்குள் வைத்தேன். திண்ணைகளைக் குறித்து வைத்திருந்த நோட்டை எடுத்தேன், கடைசிப் பக்கம் காலியாக இருந்தது.

“பேர் சொல்லுங்க அண்ணாச்சி. மூத்தவ பேர்ல இருந்து.”