மணல் கலந்த அரிசி

தாது வருடம் மாசி மாதத்தில், குன்னூருக்குக் கீழே இருந்த காப்பித் தோட்டம் ஒன்றின் கணக்குப்பிள்ளை சிதம்பரம், அறுபது மூட்டை ரங்கூன் அரிசியை எண்ணி வாங்கி வர மதராசுக்குப் புறப்பட்டார். சமவெளியில் இரண்டு பருவமழையும் பொய்த்துப் போயிருந்தது. கோயம்புத்தூர்ச் சந்தையில் கேட்ட விலைக்கும் அரிசி கிடைக்கவில்லை. தோட்டக் கூலிகள் குடியிருந்த லயன்களில் வாரப்படி பாதியாகக் குறைந்த அன்றே துரை அவரைக் கூப்பிட்டு, "மூட்டைக் கணக்கில் ஒரு படி குறைந்தாலும் உன் சம்பளத்தில்தான் கழியும்" என்று சொல்லி அனுப்பினார். மாட்டு வண்டியில் மலையிறங்கி, மேட்டுப்பாளையத்தில் ரயிலேறி, மறுநாள் அவர் கடற்கரைக்கு வந்து நின்றார்.

முதலில் அவர் கண்ணில் பட்டது கடல் அல்ல, அரிசிதான். சுங்கச்சாவடியின் முன்னால் மணல்வெளி நெடுக மூட்டைகள் வீட்டுச் சுவர் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அடுக்குகளின் நடுவே தெருக்களைப் போல வழி விட்டிருந்தார்கள். ஊரெல்லாம் பட்டினி கிடக்கும்போது இவ்வளவு தானியம் திறந்தவெளியில் கிடக்கிறதே என்று ஒரு கணம் அவருக்குத் தலை சுற்றியது. அந்தப் பஞ்சத்தில் தானியத்தை விட அதை வாங்கும் காசுதான் அரிதாயிருந்தது என்பதை அந்தக் கடற்கரையைப் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. வேல்ஸ் இளவரசர் கல் நாட்டிச் சென்ற துறைமுகத்தின் சுவர்கள் அப்போதுதான் கடலுக்குள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆகவே சரக்கு முழுவதும் மசூலாப் படகுகளில்தான் கரை சேர வேண்டியிருந்தது. ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த அந்தப் படகுகள், அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுத்தன. மூன்றாவது அலை வரும் வரை துடுப்பை நிறுத்தி, அது முதுகைத் தூக்கியதும் படகோட்டிகள் ஒரே குரலில் பாடி வலித்தார்கள். சிதம்பரத்தின் கடைசிப் பன்னிரண்டு மூட்டைகள் வந்த படகு கரையில் பக்கவாட்டில் விழுந்தது. அதில் ஒரு மூட்டை கிழிந்து, அரிசி ஈர மணலில் கொட்டியது.

அவர் ஓடி வருவதற்குள் பத்துப் பதினைந்து பெண்களும் குழந்தைகளும் அங்கே குனிந்துவிட்டார்கள். சேவகன் பிரம்பை ஓங்கி அவர்களை விரட்டினான். எல்லோரும் சிதறிய பிறகும் ஒரு சிறுமி மட்டும் மடியை இறுகப் பிடித்தபடி நின்றாள். காலையிலிருந்து மூட்டைகளின் இடுக்குகளில் கூட்டிப் பெருக்கிச் சேர்த்தது அந்த மடியில் இருந்தது. பாதி அரிசி, பாதி மணல்.

"ஐயா, இது உங்கள் மூட்டையில் எடுத்ததில்லை" என்றாள்.

சிதம்பரம் அவளையும் மூட்டையையும் பார்த்தார். நிறுவையில் குறையக் கூடாது. குறைந்தால் தம் வீட்டு அடுப்புதான் அணையும். படியைக் கொண்டுவரச் சொல்லி அவள் மடியில் இருந்ததை அளந்தார். நான்கு படி இருந்தது. அதைக் கிழிந்த மூட்டைக்குள் கொட்டிவிட்டு, அதிலிருந்த சுத்தமான அரிசியில் நான்கு படி அளந்து அவள் மடியில் போட்டார். சேவகன் வாயைத் திறப்பதற்குள், "அளவுக்கு அளவு சரியாக இருக்கிறது, அப்பா. என் சரக்கு, என் கணக்கு" என்றார். பிறகு சணல் ஊசி வாங்கி மூட்டையைத் தாமே தைத்து, அதன்மேல் கரியால் ஒரு கோடு இழுத்தார்.

அறுபது மூட்டைகளும் மலையேறின. துரை எண்ணிப் பார்த்து, சரி என்று தலையசைத்தார். படி அளக்கும் நாளில் கரிக்கோடு இருந்த மூட்டையைக் கணக்குப்பிள்ளை லயன்களுக்குத் தரவில்லை. தம் வீட்டுப் பங்கில் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை மூடுபனி வாசல் வரை வந்திருந்தது. வள்ளியம்மை அடுப்பருகே அரிசி அரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இதை எங்கே அள்ளினார்கள்? அரிக்க அரிக்க மணலாக வருகிறதே."

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் கை நிற்கவில்லை; நீரை மாற்றி மாற்றி அரித்தாள். சட்டியின் அடியில் கடல் மணல் ஒரு விரற்கடை சேர்ந்திருந்தது.

"அந்தப் பெண்ணுக்கு என்ன வயது இருக்கும்?"

"நம் செல்லத்தின் வயதுதான்."

வள்ளியம்மை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அதைப் பொங்கித் தின்ன அவளிடம் ஒரு சட்டியாவது இருந்ததா?"

சிதம்பரம் அதைக் கேட்டிருக்கவில்லை.