இந்த வாரம் பழம்தான் முதல் வேலை

எல்லாருக்கும் வணக்கம். நேற்று மேல் காட்டைச் சுற்றி வந்தேன். அரபிகா காப்பி ஒரேயடியாகப் பழுத்திருக்கிறது, செடிக்கு அடியில் உதிரவும் ஆரம்பித்துவிட்டது. அதனால் புதன் வரைக்கும் எல்லா ஆளும் மேல் காட்டில்தான்.

மேஸ்திரி அண்ணே, சிவந்த பழம் மட்டும் பறிக்கச் சொல்லுங்கள். விரலால் அழுத்தினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் செடியிலேயே இருக்கட்டும், அடுத்த சுற்றில் எடுக்கலாம். போன வாரம் கூடைகளில் பச்சைக்காய் நிறையக் கிடந்தது. எடைக்கூலி என்பதால் கை வேகமாகத்தான் போகும், புரிகிறது. ஆனால் அந்தக் காய் பல்ப்பரில் தோல் உரியாமல் நல்ல கொட்டையோடு கலந்து மொத்தத்தையும் கெடுக்கிறது.

அன்றன்று பறித்ததை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுவிட வேண்டும். இரவு மூட்டையில் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் கடைசி எடை போட்டுவிடலாம். களத்தில் இருக்கும் அக்காமார்கள் பனி இறங்குவதற்குள் கொட்டையைக் குவித்துத் தார்ப்பாய் மூடிவிடுங்கள்.

மிளகுக் கொடிக்கு ஏணி சரிபார்ப்பது பொங்கலுக்கு அப்புறம் போதும். நிழல் மரம் கழிப்பது, வேலி, குடோன் வெள்ளையடிப்பு எதையும் இப்போது தொட வேண்டாம். ரைட்டர் தம்பி, பழைய கணக்கை ஓரமாக வைத்துவிட்டு தினசரி எடைச்சீட்டை மட்டும் பாருங்கள்.

சனிக்கிழமை கூலி வழக்கம்போல் மதியமே கொடுத்துவிடுவேன். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் காலை 7 மணிக்குள் ஒரு போன் போடுங்கள்.