பராமரிப்புக் கட்டண நிலுவை குறித்த அறிவிப்பு

குடியிருப்பு உரிமையாளர் நலச் சங்கம்
சத்துவாச்சாரி, வேலூர்
நாள்: 12.04.2025

பெறுநர்: நமது குடியிருப்பின் 48 வீடுகளின் உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள்

பொருள்: 31.03.2025 வரையிலான பராமரிப்புக் கட்டண நிலுவையை 10.05.2025-க்குள் செலுத்தக் கோருதல் தொடர்பாக.

அன்புடையீர், வணக்கம்.

நமது குடியிருப்பில் வீடு ஒன்றுக்கு மாதம் ₹2,500 பராமரிப்புக் கட்டணமாக வசூலிக்கப்படுகிறது. கடந்த மார்ச் 31 அன்று கணக்கு முடித்தபோது, 13 வீடுகளிலிருந்து மொத்தம் ₹1,42,500 வரவேண்டியிருந்தது. சில வீடுகளுக்கு இரண்டு மாதப் பாக்கி மட்டுமே உள்ளது. சிலவற்றுக்கு ஆறு மாதங்களுக்கும் மேல் உள்ளது. இந்த நிலுவை முழுவதும் வரும் மே 10, சனிக்கிழமைக்குள் செலுத்தப்பட வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. செயற்குழு உறுப்பினர்களின் வீடுகளுக்கும் இதே கெடுதான்.

இப்போது இதை வலியுறுத்துவதற்குக் காரணம் கோடைக்காலம். காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள் சம்பளம், பொது ஈ.பி. கட்டணம், இரண்டு லிஃப்டுகளின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஜெனரேட்டருக்கான டீசல் ஆகியவை எந்த மாதத்திலும் குறைவதில்லை. தண்ணீர்ச் செலவோ ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் இருமடங்காகிறது. மாநகராட்சிக் குழாயில் வரும் தண்ணீரும் நமது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் போதாமல், வாரத்தில் நான்கைந்து நாட்கள் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். லாரிக்காரர் அன்றைய பணத்தைப் பெற்றுக்கொண்ட பிறகுதான் தொட்டிக்குள் குழாயை விடுகிறார். மாதக் கடைசியில் தருகிறோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கத்திரி தொடங்கும் மே முதல் வாரத்திலிருந்து இந்தத் தேவை இன்னும் கூடும். சென்ற பிப்ரவரியில் போர்வெல் மோட்டாரின் காயில் எரிந்துபோனபோது, ரீவைண்டிங் செய்வதற்கான ₹19,000-ஐ, வெளிச்சுவர் வண்ணப்பூச்சுக்கென ஒதுக்கி வைத்திருந்த தொகையிலிருந்து எடுக்க நேர்ந்தது. அந்தத் தொகை இன்னும் அந்தக் கணக்கில் திருப்பிச் சேர்க்கப்படவில்லை. உரிய நாளில் கட்டணம் செலுத்திவரும் 35 வீடுகளின் பணத்தைக் கொண்டே 48 வீடுகளுக்குமான சேவைகள் நடந்துகொண்டிருக்கின்றன என்பதை அனைவரும் கருத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நிலுவையுள்ள வீடுகளின் எண்களை அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வெளியிட வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டுக்கொண்டனர். அதைச் செயற்குழு விரிவாக விவாதித்து, அவ்வாறு வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தது. கட்டணம் தாமதமாவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மருத்துவச் செலவு இருக்கலாம். சம்பளம் தள்ளிப் போயிருக்கலாம். ராணுவத்திலோ வெளிநாட்டிலோ பணிபுரியும் உரிமையாளர், தம் வாடகைதாரர் கட்டிவருவதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். இவற்றை லிஃப்டுக்கு வருவோர் போவோரெல்லாம் நின்று படிக்கும்படி செய்வது முறையாகாது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் அதே லிஃப்டில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். மேலும், சங்கத்தின் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்துள்ள ஐந்து தொகைகளில் வீட்டு எண் குறிப்பிடப்படாததால், அவை எந்த வீட்டுக்குரியவை என்று இதுவரை கண்டறிய முடியவில்லை. ஆகவே, கட்டணத்தைச் செலுத்தியும் நமது ஏட்டில் நிலுவையாகத் தெரியும் வீடுகள் அந்த 13-இல் இருக்கக்கூடும்.

இதன்படி, நிலுவையுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் மாதவாரியான கணக்கு, ஒட்டிய உறையில் இந்த வார இறுதிக்குள் உரிமையாளரின் பெயருக்குத் தரப்படும். வெளியூரில் இருப்போருக்கு அவரவர் மின்னஞ்சலுக்கு அனுப்பப்படும். உறையோ மின்னஞ்சலோ வராத வீட்டுக்கு நிலுவை ஏதுமில்லை என்று பொருள். கணக்கில் வேறுபாடு இருப்பின், பணம் அனுப்பியதற்கான சான்றுடன் 26.04.2025-க்குள் பொருளாளரிடம் தெரிவித்தால் உடனே சரிபார்த்துத் திருத்தித் தரப்படும். யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற விவரம் காவலாளிகளிடமோ துப்புரவுப் பணியாளர்களிடமோ தரப்படவில்லை. அவர்களிடம் அதைப் பற்றிக் கேட்க வேண்டாம். உறுப்பினர்களும் இதைத் தமக்குள் பேசுபொருளாக்காமல் இருப்பதையே சங்கம் விரும்புகிறது.

முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட இயலாதவர்கள், மே 10-க்கு முன்பாகப் பொருளாளரைச் சந்தித்து, மே, ஜூன், ஜூலை ஆகிய மூன்று மாதங்களில் தவணையாகச் செலுத்த எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளலாம். அதற்கான காரணத்தை விளக்க வேண்டிய அவசியமில்லை. ஒப்புக்கொண்டபடி தவணைகளைச் செலுத்துவோருக்குத் தாமதக் கட்டணம் கிடையாது. ஆனால், நடப்பு மாதக் கட்டணம் தவணையோடு சேர்த்துச் செலுத்தப்பட வேண்டும். அதை நிறுத்தி வைத்தால் தவணைச் சலுகை ரத்தாகும்.

மே 10-க்குள் பணம் செலுத்தாமலும் தவணைக்கு ஒப்புக்கொள்ளாமலும் இருக்கும் வீடுகளுக்கு, சங்க விதிகளின்படி மாதம் ₹100 தாமதக் கட்டணம் சேர்க்கப்படும். நிலுவை தீரும்வரை வீட்டை விற்பதற்கான தடையின்மைச் சான்று வழங்கப்படமாட்டாது. ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை நடைபெறவுள்ள பொதுக்குழுவில், அதுவரை தீராத நிலுவைகளின் மொத்தத் தொகை மட்டும் வைக்கப்பட்டு, பதிவுத் தபாலில் முறையான கடிதம் அனுப்பவும் அதன்பின் சட்டப்படி வசூலிக்கவும் அனுமதி கோரப்படும். பொதுச் செலவில் தமது பங்கைச் செலுத்துவது ஒவ்வொரு வீட்டு உரிமையாளரின் கடமை. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-இன் அடிப்படையும் அதுவே. இந்நடவடிக்கைகளில் எந்த வீட்டுக்கும் விதிவிலக்கு இருக்காது. அதே சமயம், நிலுவையைக் காரணம் காட்டி எந்த வீட்டுக்கும் தண்ணீரோ லிஃப்டோ நிறுத்தப்படமாட்டாது என்பதையும் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறோம்.

மொட்டைமாடி ஒழுகல், வாகன நிறுத்துமிடம் போன்ற குறைகள் தீராததால் கட்டணத்தை நிறுத்தி வைத்திருப்பதாகச் சிலர் தெரிவித்துள்ளனர். அந்தக் குறைகள் உண்மையானவை. ஒழுகலைச் சரிசெய்வதற்கான விலைப்புள்ளிகள் ஏற்கெனவே பெறப்பட்டுள்ளன. ஆனால், அந்த வேலையைத் தொடங்கவும் இதே நிதிதான் வேண்டும். எனவே புகார்களைத் தனியே எழுத்து மூலம் தாருங்கள்; அதற்குப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலமே பதில் தரப்படும். கட்டணத்தை அதனுடன் இணைக்க வேண்டாம்.

வாடகைக்குக் குடியிருப்போரிடம் ஒரு வார்த்தை. கட்டணத்தை நீங்கள் செலுத்துவதா, உரிமையாளர் செலுத்துவதா என்பது உங்கள் வாடகை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சங்கத்தைப் பொறுத்தவரை நிலுவைக்குப் பொறுப்பு உரிமையாளரே. அதற்காக உங்களை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ரசீதின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள சங்க வங்கிக் கணக்குக்கு யு.பி.ஐ. மூலமாகவோ, காசோலையாகவோ செலுத்தலாம். அனுப்பும்போது வீட்டு எண்ணையும் எந்த மாதத்துக்கான கட்டணம் என்பதையும் தவறாமல் குறிப்பிடவும். ரொக்கமாகத் தருவோர் அலுவலக அறையில் பொருளாளரிடம் மட்டும் தந்து, கையோடு ரசீது பெற்றுக்கொள்ளவும். காவலாளியிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 முதல் 8 மணி வரையிலும், ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 12 மணி வரையிலும் பொருளாளர் அலுவலக அறையில் இருப்பார். தனியே பேச விரும்புவோர் முன்கூட்டித் தெரிவித்தால் வேறு நேரமும் ஒதுக்கித் தரப்படும்.

இப்படிக்கு,

செயலாளர்
பொருளாளர்
(செயற்குழுவுக்காக)